ஆறு பாடசாலைகளுக்கான ஆர்.ஓ. டெண்டர்: சரிபார்ப்புப் பட்டியலும் தொழில்நுட்பப் பகுதியும்

*ஐயா, நானும் என் தம்பியும் கோண்டாவிலில் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரங்களை விற்றுப் பூட்டிக் கொடுக்கிற சின்னக் கம்பனி நடத்துகிறோம். வீடுகளிலும் கடைகளிலும் எங்கள் வேலைக்கு நல்ல பெயர். ஆனால் அரசாங்க டெண்டர் இரண்டு போட்டு இரண்டும் கைவிட்டுப் போனது. ஒன்றில் வங்கி உத்தரவாதமான பிட் பொண்டின் காலம் போதாது என்றார்கள். மற்றதில் எங்கள் விலைதான் ஆகக் குறைவு, ஆனாலும் "தொழில்நுட்ப விபரம் தெளிவில்லை" என்று தள்ளிவிட்டார்கள். இப்போது ஆறு பாடசாலைகளுக்கு மணிக்கு 500 லீற்றர் ஆர்.ஓ. இயந்திரம் பூட்ட ஒரு டெண்டர் வந்திருக்கிறது. கேள்விப்பத்திரத்தின் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். ஜூன் 12 முடிவுத் திகதி, இன்னும் மூன்று கிழமைதான் இருக்கு. இந்த முறை எப்படி எழுதுவது?*

அன்புள்ள தம்பி,

கேள்விப்பத்திரத்தை முழுவதும் வாசித்தேன். இது உங்கள் கம்பனியால் செய்யக்கூடிய வேலைதான்.

மதிப்பீட்டுக் குழுக்களில் பல வருடம் இருந்திருக்கிறேன். அதனால் மேசையின் அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குழுவிலிருப்பவர் ஒருவர் உங்கள் இயந்திரத்துத் தண்ணீரைத் தினமும் குடிப்பவராகவே இருக்கலாம். அதை வைத்து அவர் ஒரு வரிகூட எழுத முடியாது. நீங்கள் கொடுத்த தாள்களில் என்ன இருக்கிறதோ அதை மட்டும்தான் அவர் பார்க்கலாம். விளங்காத இடத்தில் எழுத்தில் விளக்கம் கேட்க அவர்களுக்கு இடமுண்டு. ஆனால் அந்த விளக்கத்தால் உங்கள் விலையோ, நீங்கள் தருவதாகச் சொன்ன பொருளின் சாரமோ மாறக் கூடாது. எந்த மாடல் என்றே நீங்கள் எழுதியிருக்காவிட்டால், பிறகு எழுதித் தருவது விளக்கமாகாது, புது விலைமனுவாகிவிடும். "தெளிவில்லை" என்று உங்களைத் தள்ளியதன் அர்த்தம் பெரும்பாலும் இதுதான்.

மதிப்பீடு படிப்படியாக நடக்கும். முதலில் ஆவணங்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அதில் நின்றவற்றை மட்டும் எடுத்துத் தொழில்நுட்ப விபரத்தைக் கேட்டதோடு ஒப்பிடுவார்கள். விலை ஒப்பீடு அதற்குப் பிறகுதான். ஆகக் குறைந்த விலை போட்டும் கிடைக்காமல் போனது அதனால்தான். உங்கள் முதல் டெண்டர் முதற்படியில் விழுந்தது, மற்றது இரண்டாம் படியில். சரிபார்ப்புப் பட்டியல் முதற்படிக்கு, தெளிவான தொழில்நுட்பப் பகுதி இரண்டாம் படிக்கு.

பட்டியலை நீங்களே எழுத வேண்டும். போன டெண்டரில் பாவித்ததையோ நண்பர் ஒருவரின் கம்பனியில் வைத்திருப்பதையோ எடுக்காதீர்கள். ஒவ்வொரு கேள்விப்பத்திரமும் வேறு வேறு இடத்தில் வேறு வேறு விடயத்தைக் கேட்கும். பத்திரத்தின் முன்பகுதியில் விலைமனுதாரருக்கான அறிவுறுத்தல்கள் பக்கம் பக்கமாக இருக்கும். அவை எல்லா டெண்டருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்கு அடுத்து வரும் சில பக்கத் தரவுத்தாளில்தான் இந்த டெண்டருக்கே உரிய திகதி, தொகை, பிரதிகளின் எண்ணிக்கை, மேலதிக ஆவணங்கள் எல்லாம் இருக்கும். இரண்டும் முரண்பட்டால் தரவுத்தாள் சொல்வதே செல்லும். ஆகவே அதை முதலில் வாசியுங்கள். பிறகு தகுதி நிபந்தனைகள், தேவைகள் அட்டவணை, ஒப்பந்த நிபந்தனைகள் என்று முழுவதையும் பென்சிலோடு வாசித்து, உங்களை ஏதாவது செய்யவோ கொடுக்கவோ சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் கோடு போடுங்கள். ஒவ்வொரு கோடும் பட்டியலில் ஒரு வரி.

ஒவ்வொரு வரியிலும் ஐந்து விடயம் இருந்தால் போதும்: கேள்விப்பத்திரத்தின் எந்தப் பிரிவு, அது என்ன கேட்கிறது, நாம் எதை வைக்கிறோம், அது நம் விலைமனுவில் எத்தனையாம் பக்கம், அதை எடுக்கும் பொறுப்பு உங்களுடையதா தம்பியுடையதா. பக்க எண்ணை மட்டும் கடைசி வரை வெறுமையாக விடுங்கள். எல்லாத் தாளையும் அடுக்கி முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை இலக்கமிட்ட பிறகு நிரப்புங்கள். அப்போது எந்த வரிக்குப் பக்க எண் போட முடியவில்லையோ, அதற்குரிய ஆவணம் உங்களிடம் இல்லை. முடிந்ததும், பொறுப்பு என்ற நிரலை எடுத்துவிட்டு இதே பட்டியலை விலைமனுவின் முன்னால் வையுங்கள். குழுவினர் தங்கள் படிவத்தை நிரப்பும்போது அதைத்தான் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பார்கள்.

வரிகள் எல்லாம் ஒரே கனமானவை அல்ல. சிலது இல்லாவிட்டால் அதோடு முடிந்தது: கையொப்பமிட்ட விலைமனுப் படிவம், பிட் பொண்ட், கேட்டிருந்தால் உற்பத்தியாளரின் அதிகாரமளிப்புக் கடிதம், பொது ஒப்பந்தப் பதிவு. அவற்றுக்குச் சிவப்புக் கோடு போடுங்கள். வணிகப் பதிவின் பிரதி மங்கலாக இருந்தால் நல்ல பிரதி கேட்டு எழுதுவார்கள். பொண்டுக்கு அப்படிக் கேட்க மாட்டார்கள்.

பொண்டின் திகதியைக் கணக்குப் பார்ப்போம். உங்கள் தரவுத்தாளின்படி விலைமனு முடிவுத் திகதியிலிருந்து 91 நாள் செல்லுபடியாக இருக்க வேண்டும். பொண்ட் அதற்கு மேலும் 28 நாள் செல்ல வேண்டும். ஜூன் 12இலிருந்து 91 நாள் செப்டெம்பர் 11. அதற்கு மேல் 28 நாள் ஒக்டோபர் 9. வங்கியில் போய் "மூன்று மாதத்துக்கு ஒரு பொண்ட்" என்று கேட்டால் செப்டெம்பர் 12 வரை எழுதித் தருவார்கள். விலைமனுவின் காலத்தை அது தாண்டுவதால் பார்வைக்குச் சரிபோலத்தான் இருக்கும். ஆனால் 27 நாள் குறைவு. முதல் டெண்டரில் உங்களுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். வங்கிக்கு மாதக் கணக்குச் சொல்லாதீர்கள். "2026 ஒக்டோபர் 9 வரை" என்பதுபோல் வருடத்தோடு திகதியை எழுதிக் கொடுங்கள். ஒன்றிரண்டு நாள் கூட இருந்தால் குறையில்லை.

கேள்விப்பத்திரத்தில் பொண்டுக்கு ஒரு மாதிரிப் படிவம் இருக்கிறது. அதைப் போட்டோகொப்பி எடுத்து வங்கி முகாமையாளரிடம் கொடுத்து, இந்த வாசகத்திலேயே வேண்டும் என்று சொல்லுங்கள். சில வங்கிகள் தங்கள் சொந்த மாதிரியில் தரும். அதில் கேட்டவுடன் பணம் கொடுப்போம் என்ற உறுதி நிபந்தனையோடு வரக்கூடும். பொண்ட் யார் பெயருக்கு என்பதையும் எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். பாடசாலைகளுக்கு வேலை நடந்தாலும், டெண்டர் கோரியவர் வேறொரு அதிகாரி. அவருடைய பதவிப் பெயர் தரவுத்தாளில் எப்படி இருக்கிறதோ அப்படியே வர வேண்டும். இடையில் திருத்த அறிவித்தல் வந்து முடிவுத் திகதி ஒரு கிழமை தள்ளிப்போனால், பொண்டின் திகதியும் தள்ளிப்போகிறதா என்று அந்த அறிவித்தலில் உடனே பாருங்கள். தள்ளினால் அன்றைக்கே வங்கிக்குப் போங்கள்.

அடுத்தது பதிவு. ஆறு இயந்திரத்துக்கு ஒன்று 11 லட்சத்து 50 ஆயிரம் என்று வைத்தாலே 69 லட்சம் ரூபா. 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பொது ஒப்பந்தங்கள் சட்டத்தின்படி 50 லட்சத்துக்கு மேற்பட்ட அரசாங்க ஒப்பந்தங்களுக்கு விலைமனுப் போடுகிறவர் பொது ஒப்பந்தப் பதிவாளரிடம் பதிந்து பி.சி.ஏ. 3 சான்றிதழ் எடுக்க வேண்டும். உங்கள் பத்திரமும் அதைக் கேட்கிறது. கம்பனிப் பதிவுச் சான்றிதழ் இதற்கு ஈடாகாது. போன டெண்டருக்கு எடுத்ததை மறுபடி வைக்கவும் முடியாது, இந்த டெண்டருக்கென்று எடுத்ததாக இருக்க வேண்டும். இதையும் உற்பத்தியாளர் கடிதத்தையும் இன்றைக்கே தொடங்குங்கள். கடிதம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். கொழும்பிலுள்ள இறக்குமதியாளர் தன் லெட்டர்ஹெட்டில் தருவது, உற்பத்தியாளர் அவருக்கு அப்படி ஒரு அதிகாரம் கொடுத்ததற்கான தாள் கூடவே இல்லாவிட்டால், செல்லாது. கடிதத்தில் இந்த டெண்டரின் இலக்கமும் உங்கள் கம்பனியின் பெயரும் இருக்கட்டும்.

சரி, இனித் தொழில்நுட்பப் பகுதி. நான் கூடுதலாகச் சொல்ல நினைத்தது இதைப் பற்றித்தான்.

தேவைகள் அட்டவணையில் இடப்பக்கம் அவர்கள் கேட்பது, வலப்பக்கம் "விலைமனுதாரர் வழங்குவது" என்று வெறுமையாக ஒரு நிரல் இருக்கிறது. அதில் அநேகமானோர் மேலிருந்து கீழ்வரை "ஆம்" என்று எழுதுகிறார்கள். கொஞ்சம் கவனமுள்ளவர்கள் இடப்பக்கத்தில் இருப்பதையே பார்த்து எழுதுகிறார்கள். அவர்கள் "மணிக்கு 500 லீற்றருக்குக் குறையாமல்" என்று கேட்டால், இவர்களும் "500 லீற்றருக்குக் குறையாது" என்கிறார்கள். இரண்டிலும் குழுவுக்கு ஒன்றுமே தெரிய வருவதில்லை. அவர்கள் கேட்பது ஒரு எல்லை. நீங்கள் எழுத வேண்டியது நீங்கள் கொண்டுவந்து பூட்டப்போகும் அந்த இயந்திரத்தின் எண். இப்படி எழுதினால்:

"மணிக்கு 520 லீற்றர், உள்ளே போகும் நீரின் டி.டி.எஸ். லீற்றருக்கு 2,000 மில்லிகிராம், வெப்பநிலை 28 பாகை, இயக்க அழுத்தம் 9 பார் என்ற நிலையில். 4040 அளவு மெம்பிரேன் இரண்டு. கணிப்புத் தாள் பக்கம் 41, கட்டலொக் பக்கம் 38, குறியிட்ட வரி."

இதை வாசிப்பவருக்கு இயந்திரம் கண்முன் வந்துவிடும், ஆதாரம் எங்கே என்றும் தெரிந்துவிடும். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் கணிப்பில் வருவதை எழுதுங்கள்.

அந்த வரியில் நிலைமைகளை ஏன் சேர்த்தேன் என்பதைப் பாருங்கள். கட்டலொக்கில் "500 லீற்றர்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். கீழே சின்ன எழுத்தில், அது 25 பாகையில், இன்ன அளவு உப்புள்ள நீரில், இன்ன அழுத்தத்தில் அளந்தது என்று இருக்கும். நீரில் கரைந்த உப்பு, அதாவது டி.டி.எஸ்., கூடினால் நீர் மெம்பிரேனுக்குள்ளால் வர மறுக்கும். ஒவ்வொரு 1,000 மில்லிகிராமுக்கும் ஏறக்குறைய 0.7 பார் அழுத்தத்தை உப்பே எடுத்துக்கொள்ளும். நம் கிணற்றுநீர் 25 பாகையை விடச் சூடானது, அது உற்பத்தியைக் கொஞ்சம் கூட்டும், ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 3 சதவீதம், ஆனால் உப்பையும் கூடுதலாக விடும். ஆகவே 500 மில்லிகிராம் நீரில் 500 லீற்றர் தரும் இயந்திரம் அவர்கள் கேட்ட 2,000 மில்லிகிராம் நீரில் 500 தராமல் போகலாம். குழுவில் ஒரு பொறியியலாளர் இருந்தால் முதலில் பார்ப்பது அந்தச் சின்ன எழுத்தைத்தான். மெம்பிரேன் உற்பத்தியாளர்கள் பலர் கணிப்பு மென்பொருளை இலவசமாகவே தருகிறார்கள். நீரின் தரத்தையும் வெப்பநிலையையும் போட்டால் ஒரு பக்கத்தில் எல்லாம் வரும். அந்தப் பக்கத்தை விலைமனுவில் வையுங்கள். அதைவிட வலுவான ஆதாரம் உங்களுக்கு வேறில்லை.

கட்டலொக்கைப் பற்றி ஒன்று. ஒரே தாளில் 250, 500, 1000 என்று மூன்று மாடல் இருந்தால், நீங்கள் தருவது எது என்று பேனையால் பெட்டி போட்டு, பக்கத்தில் தேவைகள் அட்டவணையின் வரி இலக்கத்தை எழுதுங்கள். குறியில்லாத கட்டலொக் உங்களுக்கே எதிராகத் திரும்பும். அட்டவணையில் இயந்திரத்தைத் தாங்கும் சட்டகம் 304 ரகத் துருப்பிடிக்காத உருக்கு என்று நீங்கள் எழுதியிருக்க, கட்டலொக்கில் பவுடர் பூசிய இரும்பு என்றிருந்தால், குழு கட்டலொக்கைத்தான் நம்பும்.

இப்போது எல்லாரும் தவறவிடும் ஒரு வரிக்கு வருகிறேன். "வெளிவரும் நீர் எஸ்.எல்.எஸ். 614 தரத்துக்கு அமைய இருக்க வேண்டும்." அது இலங்கையின் குடிநீர்த் தரம். ஒரே வரி, ஆனால் அதற்குள் பல வரம்புகள் இருக்கின்றன. டி.டி.எஸ். வரம்பு லீற்றருக்கு 500 மில்லிகிராம், அது உங்களுக்குப் பிரச்சினையாகாது. நைத்திரேற்று வரம்பு 50 மில்லிகிராம், கவனம் வேண்டியது அங்கேதான். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களுக்குப் போட்ட உரம் சுண்ணக்கல்லுக்குள்ளால் இறங்கி, பல கிணறுகளில் நைத்திரேற்று வரம்பைத் தாண்டியிருப்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விடயம். ஆர்.ஓ. மெம்பிரேன் சாதாரண உப்பைப் பிடிக்கும் அளவுக்கு நைத்திரேற்றைப் பிடிக்காது. கையில் வைத்துப் பார்க்க 85 சதவீதம் என்று எடுப்போம்.

உங்கள் இயந்திரம் உள்ளே போகும் நீரில் பாதியை நல்ல நீராக எடுக்கிறது. மற்றப் பாதியில் உப்பெல்லாம் சேர்வதால் அது ஏறக்குறைய இரட்டிப்புச் செறிவாகும். கிணற்றில் நைத்திரேற்று 120 என்றால், மெம்பிரேனுக்கு முன்னால் நிற்கும் நீரில் மோசமான கணக்குக்கு 240 என்று வைப்போம். அதில் 15 சதவீதம் கடந்து வந்தால் 36. வரம்புக்குள் இருக்கிறது, "ஆம்" என்று எழுதலாம். கிணற்றில் 200 என்றால்? 400இல் 15 சதவீதம் 60. அப்போது "ஆம்" என்று எழுதினால் ஒப்பந்தம் கிடைக்கும், ஆனால் பூட்டிய பிறகு நீர்ப் பரிசோதனை அறிக்கை உங்களைக் கைவிடும், பணமும் வராது. நல்ல நீராக எடுக்கும் பங்கைக் குறைக்க வேண்டும், அல்லது வேறு மெம்பிரேன் போட வேண்டும். இரண்டும் விலையை மாற்றும்.

கேள்விப்பத்திரத்தில் டி.டி.எஸ். மட்டும்தான் தந்திருக்கிறார்கள், நைத்திரேற்று எங்கும் இல்லை. எனவே இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள்: "ஆறு பாடசாலைகளின் மூல நீர்ப் பரிசோதனை அறிக்கைகளை, நைத்திரேற்று, கடினத்தன்மை உட்பட, வழங்க முடியுமா? இல்லையெனில் வடிவமைப்புக்கு எந்த அளவுகளைக் கொள்ள வேண்டும்?" உங்கள் தரவுத்தாளின்படி விளக்கம் கேட்க முடிவுத் திகதிக்கு 10 நாள் முன்வரைதான் இடமுண்டு, அதாவது ஜூன் 2. பதிலை எல்லா விலைமனுதாரருக்கும் அனுப்புவார்கள், கேட்டவர் பெயர் அதில் வராது. போட்டிக்காரருக்கும் தெரிந்துவிடுமே என்று யோசிக்காதீர்கள். நைத்திரேற்றைக் கவனிக்காமல் குறைத்து விலை போடும் ஒருவரோடு நீங்கள் மோத வேண்டியதில்லை, எல்லாரும் ஒரே எண்ணுக்கு வடிவமைப்பார்கள்.

கேட்காமல் விட்டுவிட்டு, விலைமனுவில் "எமது விலை மூல நீரின் நைத்திரேற்று 100 மில்லிகிராமுக்கு உட்பட்டிருந்தால் மட்டுமே பொருந்தும்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நேர்மையான எண்ணத்தோடு எழுதிய வரிதான். ஆனால் அது விலைமனுவுக்கு நிபந்தனை வைப்பதாகும், குழு அதைப் பெரிய விலகலாக எடுத்துத் தள்ளிவிடலாம். முற்பணம் இத்தனை வீதம் தந்தால்தான், டொலர் விலை ஏறினால் இத்தனை கூட்டுவோம் என்பனவும் இதே வகை. சந்தேகத்தைக் கேள்வியாக ஜூன் 2க்கு முன் அனுப்புங்கள், விலைமனுவுக்குள் கொண்டு வராதீர்கள்.

அடுத்து, கேட்காத கேள்வி ஒன்றுக்கும் பதில் எழுதுங்கள். பாதி நீர் கழிவு என்றால் மணிக்கு 500 லீற்றர். பாடசாலை நாளில் ஆறு மணித்தியாலம் ஓடினால் 3,000 லீற்றர் உப்பு நீர். அது எங்கே போகும்? அட்டவணையில் "கழிவு நீரை முறையாக அகற்றல்" என்று நான்கு சொல்தான் இருக்கிறது. வளவுக்குள் குழி வெட்டி விட்டால், நம்முடைய சுண்ணக்கல் நிலத்தில் அது சுற்றிவந்து அதே கிணற்றுக்குத்தான் போகும், ஒரு வருடத்தில் உள்ளே போகும் நீரே சவராகிவிடும். மலசலகூடத் தாங்கிக்குக் குழாய் போட்டு, மிஞ்சுவதற்கு வழி என்ன என்று ஒரு படத்தோடு அரைப் பக்கம் எழுதுங்கள். குழாயின் நீளத்தை ஒவ்வொரு பாடசாலையிலும் நேரில் போய் அளந்து எழுதினால், நீங்கள் இடத்தைப் பார்த்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும், விலையும் சரியாக வரும்.

நேரில் போக வேண்டிய இன்னொரு காரணம் நெடுந்தீவு. ஆறில் ஒரு பாடசாலை அங்கே இருக்கிறது. பழுது என்று அறிவித்து 48 மணித்தியாலத்துக்குள் திருத்த வேண்டும் என்பது ஒப்பந்த நிபந்தனை, தாமதத்துக்குத் தண்டப்பணமும் உண்டு. குறிகட்டுவானிலிருந்து படகில் போக வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. இதற்கு "ஆம், 48 மணித்தியாலம்" என்று எழுதுகிறவரை விட, "நெடுந்தீவுப் பாடசாலையில் மாற்று உயரழுத்தப் பம்ப் ஒன்று, வடிகட்டிகள் ஆறு மாதத்துக்குப் போதுமானவை, உருகிகள், ஒரு சோடி மெம்பிரேன் பூட்டிய பெட்டியில் வைக்கப்படும், பாடசாலையில் ஒருவருக்கு வடிகட்டி மாற்றப் பயிற்சி தரப்படும், பொருட்களின் பட்டியல் பக்கம் 47" என்று எழுதுகிறவர் நம்பத்தக்கவர். அந்தப் பொருட்களின் விலையை மூன்று வருடப் பராமரிப்பு விலைக்குள் சேர்க்க மறக்க வேண்டாம். நம் நீரின் கடினத்தன்மைக்கு மெம்பிரேனில் சுண்ணாம்பு படியாமலிருக்க ஊற்றும் மருந்தும் அதற்குள் வரும். மூன்று வருடத்துக்கு அது சின்னத் தொகை அல்ல. பூட்டும் கால அட்டவணையிலும் படகுக்கு நாள் ஒதுக்குங்கள், சட்டகத்தைக் கழற்றிக் கொண்டுபோய் அங்கே பூட்டக்கூடியதாகச் செய்யுங்கள்.

தொழில்நுட்பப் பகுதியின் ஒழுங்கு இதுதான்: முதலில் நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று ஒரு பக்க வரைபடமும் விளக்கமும், அதன் பின் நிரப்பிய அட்டவணை, கணிப்புத் தாள், குறியிட்ட கட்டலொக், பூட்டும் திட்டம், பராமரிப்பு. கம்பனியின் வரலாறும் விருதுப் படங்களும் வேண்டாம். அட்டவணையின் இலக்கங்களை அவர்கள் போட்டபடியே விடுங்கள். நீங்கள் மாற்றி அடுக்கினால் ஒவ்வொரு வரியையும் அவர்கள் தேட வேண்டிவரும், தேடிக் கிடைக்காததை இல்லை என்றே எழுதுவார்கள்.

அனுபவத்துக்கு, கடந்த ஐந்து வருடத்தில் இதுபோன்ற வேலை மூன்று முடித்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். வேலைக் கட்டளையின் பிரதி, வேலை கிடைத்ததைத்தான் காட்டும், முடித்ததைக் காட்டாது. நீங்கள் பூட்டிக் கொடுத்த இரண்டு ஹோட்டல்களிடமும் அந்த வைத்தியசாலையிடமும் போய், இயந்திரத்தின் கொள்ளளவு, பெறுமதி, முடித்த திகதி, இப்போதும் நன்றாக ஓடுகிறது என்ற நான்கும் அவர்கள் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். கொள்ளளவு இல்லாத பாராட்டுக் கடிதத்தை வைத்து "இதுபோன்ற வேலை" என்று குழு முடிவு செய்ய முடியாது.

விலைப் படிவத்தில் அலகு விலையைப் பெருக்கி இருமுறை பாருங்கள். பெருக்கல் பிழைத்தால் அலகு விலையை வைத்துத்தான் திருத்துவார்கள், திருத்தத்தை நீங்கள் ஏற்காவிட்டால் விலைமனு போகும், பொண்டும் போகலாம். வற் வரியைத் தனி வரியில் காட்டுங்கள். வெட்டித் திருத்திய இடமெல்லாம் கையொப்பமிடுபவரே சுருக்கொப்பமும் இட வேண்டும். யார் கையொப்பமிடுகிறாரோ அவருக்கு அதிகாரம் கொடுத்த கம்பனித் தீர்மானம் உள்ளே இருக்கட்டும்.

மூலமும் பிரதியும் வெவ்வேறு உறையில், இரண்டும் ஒரு பெரிய உறைக்குள். பக்க இலக்கமிட்டு, கையொப்பமிட்டு முடித்த பிறகே மூலத்திலிருந்து பிரதி எடுங்கள். இரண்டும் வேறுபட்டால் மூலம்தான் செல்லும், ஆனால் பிரதியை வைத்து வேலை செய்யும் உறுப்பினர் வேறு எண்ணைப் பார்த்துக் குழம்புவார். முடிவு நேரம் பிற்பகல் 2 மணி. முதல் நாளே பெட்டியில் போட்டுவிடுங்கள். நேரம் கடந்து வந்ததைத் திறக்காமலே திருப்பிவிடுவார்கள்.

பெட்டி திறக்கும்போது நீங்களோ தம்பியோ கட்டாயம் அங்கே இருங்கள். ஒவ்வொருவரின் பெயர், மொத்த விலை, விலைக்கழிவு, பொண்ட் இருக்கிறதா என்பதைச் சத்தமாக வாசிப்பார்கள். நீங்கள் விலைக்கழிவு ஏதும் கொடுத்திருந்தால் அது வாசிக்கப்படுகிறதா என்று கவனியுங்கள், வாசிக்கப்படாத விலைக்கழிவை மதிப்பீட்டில் எடுக்க மாட்டார்கள். விட்டுப்போனால் அங்கேயே எழுந்து சொல்லிப் பதிய வையுங்கள்.